வினைமுற்றைப் போடுங்கள், 70க்குள் முடியுங்கள்: செய்தித் தலைப்பு எழுத வருபவர்களுக்கு

கிளிநொச்சியில் ஒரு சின்னச் செய்தித் தளத்தில் வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது மாதம். மாரி மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. பின்னேரம் நீர்ப்பாசனப் பக்கத்திலிருந்து ஒரு அறிவித்தல் வந்தது. இரணைமடுக்குளத்தின் நீர்மட்டம் உயர்ந்து வருகிறது, வான்கதவுகள் திறக்கப்படக்கூடும், தாழ்நிலப் பகுதி மக்கள் அவதானமாக இருக்கவும். அவ்வளவுதான். நான் போட்ட தலைப்பு இது:

இரணைமடு வான்கதவுகள் திறப்பு! கிளிநொச்சி மூழ்கும் அபாயம்!

தளத்தில் ஏற்றி, குறுஞ்செய்தியாகவும் அனுப்பிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனேன். பன்னங்கண்டிப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு மாமி அந்த மழைக்குள் லாண்ட்மாஸ்டர் பிடித்து, நெல்மூட்டைகளையும் கோழிக்கூட்டையும் ஏற்றிக்கொண்டு தங்கச்சி வீட்டுக்குப் போயிருக்கிறா. அன்றிரவு கதவு திறக்கவே இல்லை. மூன்றாம் நாள் உண்மையிலேயே திறந்தார்கள். நானே தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னேன். "அண்டைக்கும் உப்பிடித்தானே தம்பி போட்டனீங்கள்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டா.

என் தலைப்பில் எங்கே பிழை என்று கண்டுபிடிக்க எனக்குப் பல மாதங்கள் எடுத்தன. "அபாயம்" என்ற சொல்லிலும் அந்த ஆச்சரியக்குறிகளிலும்தான் பிழை என்று முதலில் நினைத்தேன். அவை வெளிப்பூச்சு. உள்ளே இருந்த கோளாறு "திறப்பு" என்ற சொல். அதை மையமாக வைத்துத்தான் இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். பிரதேசச் செய்தி எழுத வருபவர்கள், ஊர்ச் சங்கத்துக்கோ பாடசாலைக்கோ செய்தி வெளியிடுபவர்கள், வாட்ஸப் குழுவில் தினமும் செய்தி போடுபவர்கள் எல்லோருக்கும் இது பொருந்தும்.

1. எழுத உட்காரும் முன் மேசையில் இருக்கவேண்டியவை

மூன்று பொருட்கள் போதும். ஒன்று, மூல ஆவணம். செய்தியாளர் தொலைபேசியில் சொன்ன சுருக்கமோ இன்னொரு தளத்தில் வந்த செய்தியோ மூல ஆவணம் ஆகாது. அறிவித்தல், வர்த்தமானி, கடிதம், நீதிமன்ற அறிக்கை என்று எதிலிருந்து செய்தி பிறந்ததோ அந்தத் தாள். வாட்ஸப்பில் வந்த படம் என்றால் முழுப் படமாக வாங்குங்கள். பாதி வெட்டப்பட்ட படத்தில் திகதிதான் முதலில் காணாமல் போகும்.

இரண்டு, அந்தத் தாள் வெளிவந்த நேரமும் அது உங்கள் கைக்கு வந்த நேரமும். குளத்துச் செய்தியில் மூன்று மணித்தியால இடைவெளி பெரிய இடைவெளி. மூன்று, முழுமையாக எழுதி முடித்த செய்தி. தலைப்பை முதலில் எழுதிவிட்டு அதற்கேற்பச் செய்தியை எழுதும் பழக்கம் எங்கள் அலுவலகத்தில் இருந்தது, இப்போதும் பல இடங்களில் இருக்கிறது. அப்படி எழுதினால் தலைப்பு கேட்கிற சரக்கைச் செய்தியில் தேட ஆரம்பிப்பீர்கள்.

செலவு என்று பார்த்தால் இந்தப் படிக்குப் பணம் வேண்டாம். ஒரு தொலைபேசி அழைப்பு போதும். ஆவணம் தர மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் (2016, இல. 12) இருக்கிறது. விண்ணப்பம் கொடுத்தால் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். பிரதிகளில் முதல் 4 பக்கம் இலவசம். காணி, வீட்டுத்திட்டம், வீதி ஒப்பந்தம் மாதிரி ஆறப்போட்டு எழுதக்கூடிய செய்திகளுக்கு அந்த வழி நல்லது. வெள்ளத்துக்கு உதவாது.

2. மாமிக்கு ஒரு வசனத்தில் சொல்லுங்கள்

தலைப்பு எழுதத் தொடங்காதீர்கள். முதலில் வாயால் சொல்லுங்கள். ஒரு சொந்தக்காரர் முற்றத்தில் நின்று "குளத்தில என்னவாம்?" என்று கேட்கிறார் என்று வையுங்கள். நீங்கள் "இரணைமடு வான்கதவுகள் திறப்பு" என்று பதில் சொல்லமாட்டீர்கள். "தண்ணி ஏறுதாம், கதவைத் திறந்தாலும் திறப்பாங்களாம்" என்பீர்கள்.

அந்தப் பதிலைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். "ஏறுதாம்" என்பதில் இப்போது நடக்கிறது என்பதும், நான் கண்ணால் பார்க்கவில்லை, யாரோ சொன்னார்கள் என்பதும் இருக்கின்றன. "திறந்தாலும் திறப்பாங்களாம்" என்பதில் இன்னும் திறக்கவில்லை, திறக்காமலும் விடலாம் என்பது இருக்கிறது. அறிவித்தலில் இருந்த முழு விஷயமும் பேச்சு வழக்கில் ஒரு பொட்டும் சிந்தாமல் வந்துவிட்டது. காவி வந்ததெல்லாம் வினைதான். நான் தலைப்பில் தூக்கியெறிந்ததும் அதைத்தான்.

இந்த வசனத்தை அப்படியே ஒரு தாளில் எழுதி வையுங்கள். இரண்டு நிமிடத்துக்கு மேல் எடுக்காது. வாயால் சொல்ல வரவில்லை என்றால் செய்தி உங்களுக்கு விளங்கவில்லை என்று அர்த்தம். திரும்பவும் ஆவணத்துக்குப் போங்கள்.

3. பெயராக முடிவதை வினைமுற்றாக மாற்றுங்கள்

நம்முடைய செய்தித் தலைப்புகளைப் பாருங்கள். திறப்பு, விடுவிப்பு, கோரிக்கை, மீள்குடியேற்றம், நடவடிக்கை, பேச்சுவார்த்தை. எல்லாம் தொழிற்பெயர்கள். சுருக்கமாக இருக்கின்றன, கம்பீரமாகவும் இருக்கின்றன. ஆனால் தொழிற்பெயருக்குக் காலமும் இல்லை, செய்தவரும் இல்லை. "திறப்பு" என்றால் திறந்தார்களா, திறக்கப் போகிறார்களா, திறக்கலாமா என்று வாசகர்தான் ஊகிக்க வேண்டும். பயந்தவர் திறந்துவிட்டார்கள் என்றுதான் ஊகிப்பார்.

வினைமுற்று போட்டால் நீங்கள் தப்ப முடியாது. திறந்தனர், திறக்கின்றனர், திறக்கவுள்ளனர், திறக்கக்கூடும். இந்த நாலில் ஒன்றைத் தெரிவு செய்தே ஆகவேண்டும். அன்று நான் அந்த நாலையும் எழுதிப் பார்த்திருந்தால் "திறந்தனர்" என்று எழுதக் கை வந்திருக்காது. அது பொய் என்று எனக்கே தெரியும். "திறப்பு" என்பது பொய் மாதிரித் தெரியவில்லை, அதனால்தான் எழுதினேன்.

காணிச் செய்திகளில் இது இன்னும் மோசம். "50 ஏக்கர் காணி விடுவிப்பு" என்று ஒரு தலைப்பை வைத்துக்கொள்ளுங்கள். விடுவிப்பதாக ஒரு கூட்டத்தில் யாரோ சொல்லியிருக்கலாம். விடுவிக்கும் கடிதத்தில் கையெழுத்து வைத்திருக்கலாம். வேலியைப் பிரித்து உரிமையாளரை உள்ளே விட்டிருக்கலாம். மூன்றுக்கும் இடையில் வருடங்கள் ஓடும் என்பது வன்னியில் இருக்கிற எவருக்கும் தெரியும். மூன்றுக்கும் ஆவணமும் வேறு. முதலாவதற்கு ஒரு பேச்சு, இரண்டாவதற்கு ஒரு கடிதம், மூன்றாவதற்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்த உங்கள் செய்தியாளர். ஆகவே "விடுவிப்பதாகக் கூறினார்", "விடுவிக்கக் கையெழுத்திட்டனர்", "விடுவித்தனர்" என்று மூன்று தலைப்புகள். உங்கள் கையில் எந்தத் தாள் இருக்கிறதோ அந்த வினை மட்டும்தான் உங்களுடையது.

செய்தவரை மறைக்கிற விஷயத்துக்கு இரணைதீவை விட நல்ல உதாரணம் கிடைக்காது. கடற்படை வசம் இருந்த தங்கள் ஊரைத் திரும்பக் கேட்டு 2017 மே 1இல் போராட்டம் தொடங்கிய அந்தத் தீவு மக்கள், 2018 ஏப்ரல் 23 அன்று தாங்களாகவே படகுகளில் ஏறித் தங்கள் தீவுக்குப் போனார்கள். அதற்கு "இரணைதீவு மக்கள் மீள்குடியேற்றம்" என்று தலைப்பு வைத்தால் யாரோ அவர்களைக் கூட்டிக்கொண்டுபோய்க் குடியேற்றிய மாதிரி இருக்கும். "இரணைதீவு மக்கள் படகேறி ஊர் திரும்பினர்" என்றால் யார் செய்தார்கள், எப்படிச் செய்தார்கள் என்று தெரியும். இரண்டு தலைப்பும் கிட்டத்தட்ட ஒரே நீளம். செய்தி மட்டும் ஒன்றில்லை.

"படு" வினையையும் இங்கேயே முடித்துவிடுவோம். அறிவிக்கப்பட்டுள்ளது, கோரப்பட்டுள்ளது, முன்னெடுக்கப்பட்டு வருகின்றது. இவை அரச அறிக்கையிலிருந்து அப்படியே ஒட்டிக்கொண்டு வருகிறவை. யார் அறிவித்தார் என்று கேட்டால் பெரும்பாலும் செய்தியின் இரண்டாவது பந்தியில் பெயர் இருக்கும். அந்தப் பெயரை எடுத்து முன்னால் போட்டு "அறிவித்தார்" என்று முடியுங்கள்.

விதிவிலக்கும் உண்டு. "இருவர் கைது" என்பதை "பொலிஸார் இருவரைக் கைதுசெய்தனர்" என்று நீட்ட வேண்டியதில்லை. கைது செய்கிறவர் யார் என்பது எல்லோருக்கும் தெரியும், "கைது" என்றால் முடிந்த காரியம் என்பதும் தெரியும். "பலி" என்பதும் அப்படித்தான். எனக்கு அந்தச் சொல் பிடிப்பதில்லை, அது வேறு கதை. விதி இதுதான்: பெயர்ச்சொல்லை வாசித்தவுடன் எல்லோருக்கும் ஒரே காலமும் ஒரே ஆளும் தோன்றினால் விடுங்கள், இல்லாவிட்டால் மாற்றுங்கள்.

4. சுருக்குவதற்காக "ஐ"யைக் கழற்றாதீர்கள்

இந்தப் பள்ளத்தில் விழாதவர் இல்லை. ஒருமுறை நாங்கள் "யானை தாக்கிய விவசாயி வைத்தியசாலையில்" என்று போட்டோம். முதல் பின்னூட்டம்: "யானை இப்ப எப்படி இருக்கு?"

தமிழில் பெயரெச்சம் இரண்டு பக்கமும் பார்க்கும். "நான் வாங்கிய மாடு" என்றால் வாங்கப்பட்டது மாடு. "என்னை முட்டிய மாடு" என்றால் முட்டியது மாடு. எது எது என்று காட்டுவது உருபு மட்டும்தான். அதைக் கழற்றிவிட்டால் யார் அடித்தார், யார் அடி வாங்கினார் என்று தெரியாது.

யானை என்றால் சிரித்துவிட்டுப் போகலாம். "பொலிஸார் தாக்கிய இளைஞன் கைது" என்று எழுதினால் சிரிக்க முடியாது. பொலிஸாரிடம் அடி வாங்கிய இளைஞனைக் கைதுசெய்தார்களா, பொலிஸாரை அடித்த இளைஞனைக் கைதுசெய்தார்களா? முதலாவது பொலிஸார்மீது குற்றச்சாட்டு, இரண்டாவது இளைஞன்மீது. இரண்டில் எது என்றாலும் யாரோ ஒருவர் வழக்கறிஞரோடு வருவார். இரண்டாவது என்றால் சரியானது "பொலிஸாரைத் தாக்கியதாக இளைஞன் கைது". "தாக்கிய" என்பதையும் "தாக்கியதாக" என்று மாற்றியிருப்பதைக் கவனியுங்கள். வழக்கு முடியும்வரை அவர் தாக்கியவர் இல்லை, தாக்கியதாகச் சொல்லப்படுபவர்.

சோதிப்பது சுலபம். தலைப்பை செய்தி தெரியாத ஒருவரிடம் காட்டி "யார் ஆருக்கு என்ன செய்தது?" என்று கேளுங்கள். அரை நிமிடம் யோசித்தால் தலைப்பு பிழை.

வல்லின ஒற்றையும் இடம் மிச்சம் பிடிப்பதற்காக விடாதீர்கள். "கதவுகளை திறக்க" என்று எழுதி இரண்டு இடம் மிச்சம் பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டு இடம் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது என்பதை அடுத்த படியில் சொல்கிறேன்.

5. நீளத்தை அளக்கும் முறையும் அதன் விலையும்

நீளத்துக்குப் பல அளவுகோல்கள் சொல்வார்கள். ஆறு சொல், எட்டுச் சொல், தொலைபேசித் திரையில் இரண்டு வரி. எனக்கு உதவியது குறுஞ்செய்தியின் அளவு. அது இரக்கம் இல்லாதது, அதோடு காசும் சம்பந்தப்பட்டது.

ஆங்கில எழுத்து மட்டும் உள்ள குறுஞ்செய்தி ஒன்றில் 160 இடம். அதில் ஒரேயொரு தமிழ் எழுத்து வந்தாலும் முழுச் செய்திக்கும் 70 இடம்தான். 70ஐத் தாண்டினால் செய்தி துண்டுகளாகப் போகும். அப்போது துண்டுகளை ஒட்டுவதற்கும் இடம் தேவைப்படுவதால் ஒரு துண்டுக்கு 67 இடம்தான் கிடைக்கும். மொத்தமாகக் குறுஞ்செய்தி அனுப்புகிற சேவைகள் துண்டுக்குத்தான் கட்டணம் எடுக்கும். உங்களுக்குச் சந்தாதாரர் 600 பேர் என்று வையுங்கள். 70 இடத்துக்குள் என்றால் 600 துண்டு. 71 இடம் என்றால் 1,200 துண்டு. ஒரு புள்ளிக்காக இரட்டிப்புச் செலவு.

இடம் என்பது எழுத்து இல்லை. கணினிக்கு "க" ஒரு இடம், "கு" இரண்டு இடம், "க்" என்பதும் இரண்டு இடம். "திறக்கக்கூடும்" என்ற சொல்லை நாம் எண்ணினால் எட்டு எழுத்து. கணினி எண்ணினால் 14. கையால் எண்ணாதீர்கள். விரிதாளில் முதல் கட்டத்தில் தலைப்பை ஒட்டிவிட்டுப் பக்கத்துக் கட்டத்தில் இதைப் போடுங்கள்:

```
=LEN(A1)
```

வருகிற எண்தான் உங்கள் இடக்கணக்கு. இடைவெளி, அரைப்புள்ளி, ஆச்சரியக்குறி எல்லாம் சேர்ந்தது. படக்குறி ஒன்று போட்டால் பெரும்பாலும் இரண்டு இடமாவது போய்விடும்.

ஒரு மறைமுகப் பொறி. "கொ" என்பதைச் சில தட்டச்சு முறைகள் ஒரே குறியாகப் போடும், சில முறைகள் கொம்பையும் காலையும் தனித்தனியாகப் போடும். திரையில் இரண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும், ஆனால் இரண்டாவதில் ஒரு இடம் கூட. எண்ணிக்கை எதிர்பார்த்ததைவிட ஒன்றிரண்டு கூடினால் ஒ, ஓ வரிசை எழுத்துகளை அழித்துத் திரும்பத் தட்டிப் பாருங்கள்.

6. ஒரு தலைப்பை முழுதாகச் செய்து பார்ப்போம்

அன்றைய இரணைமடு அறிவித்தலையே எடுப்போம். என்னுடைய பிழையான தலைப்பு 56 இடம். நீளத்தில் அது தேறிவிட்டது. சுருக்கம் மட்டும் ஒரு தலைப்பைக் காப்பாற்றாது என்பதற்கு அதுவே சாட்சி.

பல மாதம் கழித்து ஒருநாள் அதைத் திருத்திப் பார்க்க உட்கார்ந்ததும் நான் அடுத்த ஓரத்துக்கு ஓடினேன்:

இரணைமடுக்குளத்தின் வான்கதவுகள் திறக்கப்படக்கூடும் என நீர்ப்பாசனத் திணைக்களம் அறிவித்துள்ளது

பொய் இல்லை. ஆனால் 91 இடம், இரண்டு துண்டு. "திறக்கப்படக்கூடும்" என்ற வினையே 18 இடம் சாப்பிடுகிறது. போதாக்குறைக்கு, வசனத்தின் கடைசி வினை "அறிவித்துள்ளது". வாசகருக்கு வேண்டிய செய்தி அறிவித்தது இல்லை, தண்ணீர் ஏறுவது.

இப்போது மாமிக்குச் சொன்ன வசனத்துக்குத் திரும்பினேன். தண்ணி ஏறுது, திறந்தாலும் திறப்பாங்கள். இரண்டு வினை. அதை எழுத்துத் தமிழில் வைத்தால்:

இரணைமடு நிரம்புகிறது, வான்கதவுகளைத் திறக்கக்கூடும்

50 இடம். கையைத் தட்டிக்கொண்டேன். பக்கத்தில் இருந்த மூத்த அண்ணன் கேட்டார், "நிரம்புதெண்டு எங்க இருக்கு?" அறிவித்தலில் "உயர்ந்து வருகிறது" என்றுதான் இருந்தது. எத்தனை அடி என்று இல்லை. இரணைமடு நிரம்ப 36 அடி வரவேண்டும். 30 அடியில் உயர்ந்தாலும் உயர்வுதான், 35 அடியில் உயர்ந்தாலும் உயர்வுதான். "நிரம்புகிறது" என்பது நான் ஊகித்த வினை. ஆகவே:

இரணைமடு நீர்மட்டம் உயர்கிறது; வான்கதவுகளைத் திறக்கக்கூடும்

58 இடம். 12 மிச்சம். அதில் என்ன போடலாம்? எனக்கு "அவதானம்!" என்று போட ஆசை. ஆனால் "திறக்கக்கூடும்" என்று ஒரு தலைப்பு சொன்னால் வாசகர் கேட்கிற அடுத்த கேள்வி "ஆர் சொன்னது?" என்பதுதான். "கூடும்" என்ற வினைக்கு ஆள் வேண்டும். ஆகவே கடைசியில் ஒரு முக்காற்புள்ளி போட்டு ஆளைச் சேர்த்தோம்:

இரணைமடு நீர்மட்டம் உயர்கிறது; வான்கதவுகளைத் திறக்கக்கூடும்: திணைக்களம்

சரியாக 70. ஒரு முற்றுப்புள்ளிக்கும் இடமில்லை, தலைப்புக்கு அது தேவையும் இல்லை. எந்தத் திணைக்களம் என்பது செய்தியின் முதல் வரியில் வரும். குளத்துக் கதவைத் திறப்பது நீர்ப்பாசனத் திணைக்களம்தான் என்று வன்னியில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

முதல் தலைப்பிலிருந்து இங்கே வர எனக்கு அன்று முக்கால் மணித்தியாலம் எடுத்தது. இப்போது ஏழெட்டு நிமிடம். அதற்குக் கீழே குறைக்க நான் முயல்வதில்லை. அவசரச் செய்திக்குப் பத்து நிமிடம் பிந்தினால் எதுவும் கெட்டுவிடாது. உண்மையிலேயே உயிர் ஆபத்து என்றால் மக்கள் உங்கள் தளத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கமாட்டார்கள், 117க்கு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தை அழைப்பார்கள்.

7. ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே கோடு

வெளியிடும் முன் கடைசிச் சோதனை. தலைப்பில் உள்ள ஒவ்வொரு சொல்லையும் எடுத்து, செய்திக்குள் அதைத் தாங்குகிற வரிக்குக் கீழே கோடு போடுங்கள். கோடு போட வரி கிடைக்காத சொல்லை வெட்டுங்கள். வேறு பேச்சு இல்லை.

என் முதல் தலைப்புக்கு இதைச் செய்திருந்தால் "மூழ்கும்" என்பதற்கு வரி இல்லை. "திறப்பு" என்பதற்கு வரி இல்லை. "கிளிநொச்சி" என்பதற்குக்கூட இல்லை. அறிவித்தலில் தாழ்நிலப் பகுதிகள் என்றுதான் இருந்தது. அது பன்னங்கண்டி, முரசுமோட்டை, ஊரியான், கண்டாவளைப் பக்கம். ஒரு மாவட்டத்தையே மூழ்கடித்தது நான். இடத்தைப் பெருப்பிப்பது நம் தலைப்புகளில் அடிக்கடி நடக்கிறது, யாரும் கவனிப்பதும் இல்லை. ஒரு வீதியில் நடந்தது "வன்னியில்" ஆகும், ஒரு பாடசாலையில் நடந்தது "வடக்கில்" ஆகும்.

சில சொற்களுக்கு அகராதி அர்த்தத்தை விடப் பெரிய அர்த்தம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. "பெண்ணுக்கு நேர்ந்த கதி" என்றால் வாசகர் மரணத்தை நினைப்பார். உள்ளே போனால் பாம்பு கடித்து, வைத்தியம் செய்து, வீட்டுக்கு வந்திருப்பார். "அம்பலம்" என்றால் நிரூபணம் ஆகிவிட்டது என்று அர்த்தம். உள்ளே ஒரு முறைப்பாடு மட்டும் இருக்கும். "அதிர்ச்சி" யாருக்கு என்று கேளுங்கள். உள்ளே ஒருவரும் அதிர்ச்சியடைந்ததாகச் சொல்லவில்லை என்றால் அது தலைப்பு எழுதியவரின் அதிர்ச்சி. "நடந்தது என்ன?" என்று கேட்டு முடிக்கிற தலைப்பைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. நடந்தது என்ன என்று சொல்லத்தான் உங்களுக்குச் சம்பளம்.

கேள்வித் தலைப்புக்கு ஒரு குறுக்குவழிச் சோதனை உண்டு. மழைக்காலத்தில் "இரணைமடு அணைக்கட்டு உடைகிறதா?" மாதிரித் தலைப்புகள் முளைக்கும். செய்திக்குள் போய்ப் பதிலைப் பாருங்கள். பதில் "இல்லை" என்றால் "அணைக்கட்டு பாதுகாப்பாக உள்ளது" என்று அதைச் சொன்னவரின் பெயரோடு போடுங்கள். பதில் "தெரியாது" என்றால் செய்தி இன்னும் இல்லை, தலைப்பும் வேண்டாம்.

இந்தச் சோதனையை எழுதியவரே செய்யக்கூடாது. தன் தலைப்புக்குத் தானே வரி தேடினால் கட்டாயம் கிடைக்கும். நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருக்கிற இரவுகளில் தாளை மாற்றிக்கொள்வோம். தனியாக இருந்தால் பத்து நிமிடம் வெளியே போய் வந்து பார்ப்பேன்.

8. செய்தி மாறும்போது தலைப்பும் மாறவேண்டும்

தளத்தில் உள்ள தலைப்பை மாற்றலாம். குறுஞ்செய்தியைத் திரும்ப வாங்க முடியாது. வாட்ஸப்பில் நீங்கள் அழித்தாலும் யாரோ திரையைப் படம் பிடித்து வைத்திருப்பார்கள். ஆகவே முதலில் தளம், அதை ஒருவர் சரிபார்த்த பிறகு குறுஞ்செய்தி என்ற ஒழுங்கை மாற்றாதீர்கள். பிழையாக அனுப்பிவிட்டால் திருத்தத்தையும் அதே 600 பேருக்கும் அனுப்ப வேண்டும். அந்தச் செலவையும் கணக்கில் வையுங்கள். முதல் சொல்லே "திருத்தம்:" என்று இருக்கட்டும். அது பத்து இடம்.

கதவு உண்மையிலேயே திறந்ததும் "கூடும்" போய் "திறந்தனர்" வரும். அத்துடன் நேரமும் வரவேண்டும், ஏனென்றால் கீழே இருப்பவர்கள் தண்ணீர் தங்களிடம் வர எவ்வளவு நேரம் என்று கணக்குப் பார்ப்பது அந்த நேரத்திலிருந்துதான். எத்தனை கதவு என்பதும் அவர்களுக்கு முக்கியம்.

இரணைமடு வான்கதவுகள் இரண்டை மாலை 5.10க்குத் திறந்தனர்

இது 52 இடம். இதிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. ஒவ்வொரு மாரிக்கும் போன வருடத்து, அதற்கு முந்தின வருடத்து வான்கதவுச் செய்திகள் திரும்பவும் வாட்ஸப்பில் சுற்ற ஆரம்பிக்கும். "மாலை 5.10" என்பதைப் பார்த்து இன்றைக்கு மாலை என்று நினைத்து ஆட்கள் அழைப்பார்கள். ஆகவே எச்சரிக்கைச் செய்திகளுக்கு மட்டும் முன்னால் திகதி போடுகிறோம். "டிச. 3:" என்பதும் அதற்குப் பின்னால் ஒரு இடைவெளியும் எட்டு இடம், மொத்தம் 60.

மாமி இப்போதும் எங்கள் குறுஞ்செய்திப் பட்டியலில் இருக்கிறா. போன மாரியில் அழைத்து, "டிசம்பர் மூண்டெண்டு போட்டிருக்கு, எந்த வருசம் தம்பி?" என்று கேட்டா. வருடத்துக்கு இன்னும் ஐந்து இடம் வேண்டும். இந்த மாரிக்குப் போடப் போகிறோம்.